எத்தனை கல்லுக்கால், எத்தனை கிலோ முள்கம்பி? வேலி போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

"எத்தனை ஏக்கருங்க?" சேலத்துப் பக்கம் வேலிக்கு விலை விசாரிக்கப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான். ஏக்கரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் மனக்கணக்காக இத்தனை கல், இத்தனை ரோல் என்று சொல்லிவிடுவார். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஏக்கர் என்பது நிலத்தின் பரப்பு. வேலி ஓடுவதோ அதன் ஓரத்தில். சதுரமாக இருக்கும் ஒரு ஏக்கருக்குப் பக்கம் சுமார் 209 அடி, சுற்றளவு 835 அடி. அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளவாக்கில் கிடந்தால் நீளம் 435 அடியைத் தாண்டும், சுற்றளவு 1,071 அடி ஆகிவிடும். 10 அடிக்கு ஒரு கல் என்று வைத்தால், பட்டாவில் ஒரே பரப்பு உள்ள இரண்டு நிலங்களுக்கு நடுவே சுமார் 24 கல் வித்தியாசம் வருகிறது.

அதனால் ஏக்கரை ஒதுக்கி வைத்துவிட்டு அடியில் ஆரம்பிப்போம். ஒரு நிலத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேர்வராயன் மலை அடிவாரம், குப்பனூர்ப் பக்கம், ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே வண்டிப்பாதை, வடக்கே மலை. பாதி நிலம் சமம், மீதிப் பாதி மலையை நோக்கி ஏறுகிறது. 7 அடிக் கல், 2 அடி மண்ணுக்குள், 5 அடி வெளியே. 10 அடிக்கு ஒரு கல், ஐந்து வரிசை முள்கம்பி, ஒவ்வொரு இரண்டு கல்லுக்கும் நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு குறுக்குக் கம்பி. வண்டி போய்வர 12 அடி கேட்.

படத்தில் ஒரு அளவு, தரையில் ஒரு அளவு

முதலில் புலப்படத்தை எடுங்கள். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். தமிழக அரசின் eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பார்க்கலாம். பக்கங்களின் நீளம் அதில் மீட்டரில் இருக்கும். 3.281-ஆல் பெருக்கினால் அடி. நம் நிலத்துக்குத் தெற்குப் பக்கம் 63.4 மீட்டர், கிழக்கு 71.8, வடக்கு 53.7, மேற்கு 75.8. அடியில் மாற்றினால் 208, 235.6, 176, 248.7. கூட்டினால் சுமார் 868 அடி.

இந்த 868-ஐ வைத்துக்கொண்டு கல்லுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சர்வே அளவு கிடைமட்ட அளவு. நிலம் ஏறினாலும் இறங்கினாலும், அதை மேலிருந்து நேராகப் பார்த்தால் எவ்வளவு தூரமோ அதுதான் படத்தில் இருக்கும். கம்பியோ சரிவின் மேல் படுத்து ஓடுகிறது. ஆகவே 100 அடி அல்லது 50 மீட்டர் ஃபைபர் டேப்பை எடுத்துக்கொண்டு, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு, கல் ஊன்றப்போகும் கோட்டிலேயே தரையோடு தரையாகப் பிடித்து அளக்க வேண்டும். சர்வே கல்லைத் தொடாமல் ஒரு அடி உள்ளே தள்ளி ஊன்றுவதாக இருந்தால், அந்த உள்கோட்டில் கயிறு கட்டி அதைத்தான் அளக்க வேண்டும். நாற்கோணமான நிலத்தில் ஒரு அடி உள்ளே வந்தால் சுற்றளவு சுமார் 8 அடி குறையும்.

நம் நிலத்தில், கல் ஊன்றப்போவது எல்லைக்கோட்டிலேயே என்று வைத்து டேப் பிடித்தால் வருவது இது. தெற்கு 208 அடி, படத்தில் இருப்பதேதான், ஏனென்றால் அது சமதரை. வடக்கும் 176, அது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகிறது. கிழக்கு 243 அடி, படத்தைவிட 7 அடிக்கு மேல் கூடுதல். மேற்கு 256, அங்கும் 7 அடி கூடுதல். மொத்தம் 883 அடி.

படத்துக்கும் டேப்புக்கும் இந்த அளவு வித்தியாசம் வருவது சரிவைப் பொறுத்தது. 4 அடி போனால் 1 அடி ஏறும் சரிவில் கம்பி 3 சதவீதம் கூடும். 3 அடிக்கு 1 அடி என்றால் 5 சதவீதம். 2 அடிக்கு 1 அடி என்ற செங்குத்தான காப்பித் தோட்டச் சரிவில் 12 சதவீதம். ஓமலூர், ஆத்தூர்ப் பக்கத்துச் சமவெளி நிலங்களில் இதை மறந்துவிடலாம். ஏற்காட்டில் மறந்தால் ரோல் கணக்கில் குறைந்துபோகும்.

இந்த ஒப்பீட்டில் இன்னொரு பலனும் இருக்கிறது. நேர்க்கோட்டில் டேப்பைத் தரையோடு பிடித்து அளக்கும்போது படத்தைவிடக் கூடலாம், சமமாக இருக்கலாம், குறைய மட்டும் வழியில்லை. சர்வே கல்லுக்குச் சர்வே கல் அளந்து, படத்தைவிட 3, 4 அடி குறைவாக வருகிறது என்றால் எங்கோ ஒரு எல்லைக்கல் நகர்ந்திருக்கிறது, இல்லை நீங்கள் வேறு கல்லைப் பார்த்து அளந்துகொண்டிருக்கிறீர்கள். அப்போது வேலிக் கணக்கை நிறுத்திவிட்டு நில அளவைக்கு மனுக் கொடுப்பதுதான் முறை. பக்கத்துக் காட்டுக்காரரோடு சண்டை வருவதெல்லாம் கல் ஊன்றிய பிறகுதான்.

செல்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்தால் சுற்றளவு காட்டும் செயலிகள் உண்டு. தோராயமாக விலை விசாரிக்க அது போதும். ஒவ்வொரு மூலையிலும் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும் கருவியை வைத்து, அடிக்கணக்கில் கல் எண்ண முடியாது.

கல்லை எண்ணாமல் கட்டத்தை எண்ணுங்கள்

இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் இடத்தைக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். கல் கணக்கில் குழப்பம் வருவதெல்லாம் கல்லையே எண்ணப் பார்ப்பதால்தான். கட்டத்தை எண்ணினால் கல் தானாக வந்துவிடும்.

ஒரே நேர்க்கோட்டில் 40 அடி, 10 அடிக்கு ஒரு கல். கட்டம் நான்கு, கல் ஐந்து. இரண்டு முனையிலும் கல் வேண்டும் என்பதால் ஒன்று கூடுகிறது. ஆனால் நிலத்தைச் சுற்றி வந்து ஆரம்பித்த கல்லிலேயே முடித்தால் அந்தக் கூடுதல் கல் தேவையில்லை. எத்தனை கட்டமோ அத்தனை கல். கேட் இருந்தால் கேட்டையும் ஒரு கட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குக் கம்பி கிடையாது, இரண்டு பக்கமும் கல் மட்டும் உண்டு.

அடுத்தது, மொத்தச் சுற்றளவை 10-ஆல் வகுக்கக் கூடாது. மூலைக்கு மூலை கல் கட்டாயம் நிற்க வேண்டும். ஒரு பக்கம் முடியும் இடத்தில் கட்டமும் முடிந்தாக வேண்டும். மிச்சமிருக்கும் 6 அடியை மூலை திருப்பி அடுத்த பக்கத்தோடு சேர்த்துக்கொள்ள முடியாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக வகுத்து, மிச்சம் வந்தால் ஒரு கட்டம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூலை என்றால் படத்தில் தெரியும் மூலை மட்டும் இல்லை. சமதரை முடிந்து சரிவு ஆரம்பிக்கும் இடமும் வேலிக்கு ஒரு மூலைதான். அந்த இடத்தில் கல் இல்லாவிட்டால், ஏறுகிற கம்பி தரையை விட்டு மேலே நிற்கும், ஆடு நுழைய அந்த இடைவெளி போதும். நம் நிலத்தில் கிழக்குப் பக்கம் 95 அடி சமமாகப் போய், பிறகு 148 அடி ஏறுகிறது. மேற்குப் பக்கம் மேலிருந்து 150 அடி இறங்கி, பிறகு 106 அடி சமம்.

கேட் எங்கே என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். தென்மேற்கு மூலையிலிருந்து 40 அடி தள்ளி வைப்போம், கட்டம் முழுசாக அமையும். அதற்கப்புறம் 12 அடி கேட், மீதி 156 அடி.

| பகுதி | நீளம் (அடி) | கட்டம் | உண்மை இடைவெளி |
|---|---|---|---|
| தெற்கு, கேட்டுக்கு முன் | 40 | 4 | 10 அடி |
| கேட் | 12 | 1 | 12 அடி |
| தெற்கு, கேட்டுக்குப் பின் | 156 | 16 | 9 அடி 9 அங்குலம் |
| கிழக்கு, சமதரை | 95 | 10 | 9 அடி 6 அங்குலம் |
| கிழக்கு, சரிவு | 148 | 15 | 9 அடி 10 அங்குலம் |
| வடக்கு | 176 | 18 | 9 அடி 9 அங்குலம் |
| மேற்கு, சரிவு | 150 | 15 | 10 அடி |
| மேற்கு, சமதரை | 106 | 11 | 9 அடி 8 அங்குலம் |

கம்பி ஓடும் கட்டம் 89, கேட்டோடு 90. ஆகவே 90 கல். சந்தேகமாக இருந்தால் ஒரு காகிதத்தில் நிலத்தை வரைந்து தென்மேற்கு மூலையிலிருந்து புள்ளி வைத்துக்கொண்டே சுற்றி வாருங்கள். 90-வது புள்ளி வைத்ததும் அடுத்த கட்டம் முதல் புள்ளியில் வந்து சேரும்.

இதே நிலத்துக்குப் படத்தின் 868 அடியை 10-ஆல் வகுத்தவர் 87 கல் என்பார். நான்கு பக்கத்தையும் தனித்தனியாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூட்டியவருக்கு 22, 26, 19, 27 என்று 94 வரும். அவர் நான்கு மூலைக் கல்லையும் இரண்டு தடவை எண்ணிவிட்டார். நான்கு கல் கூடுதலாகக் கிடந்தால் வேறு எதற்காவது ஆகும். மூன்று கல் குறைந்தால்தான் தொல்லை. அதுவும் தோட்டம் ஏற்காட்டின் மேல் என்றால், அந்த மூன்று கல்லுக்காக இன்னொரு வண்டி 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வர வேண்டும்.

மிச்சம் கொஞ்சமாக வந்தால் மட்டும் ஒரு சலுகை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் 152 அடி என்றால் கணக்குப்படி 16 கட்டம். ஆனால் அந்த 2 அடியை 15 கட்டத்துக்கும் பங்கு போட்டால் இடைவெளி 10 அடி 1½ அங்குலம்தான் ஆகிறது. அதனால் எந்தக் கம்பியும் தொய்ந்துவிடாது. இடைவெளி 3 அங்குலம் வரை கூடுவதை நான் ஒத்துக்கொள்வேன், அதற்கு மேல் போனால் ஒரு கல் வாங்கிவிடுவதே நல்லது. சரிவில் இந்தச் சலுகையை எடுக்காதீர்கள்.

கல் ஊன்ற வருபவர்கள் 10 அடிக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டு அதன்படியே குறித்துப் போவார்கள். அப்படிப் போனால் 148 அடியில் 14 கட்டம் சரியாக 10 அடி, கடைசிக் கட்டம் 8 அடி என்று நிற்கும். கல் எண்ணிக்கை மாறாது, பார்க்கத்தான் கொஞ்சம் கோணலாக இருக்கும். எல்லாம் ஒரே அளவில் வேண்டுமென்றால் பக்கத்துக்குப் பக்கம் குச்சியை மாற்றி வெட்டிக்கொடுக்க வேண்டும். "ஏனுங்க, ஒரே குச்சியில போட்டுட்டுப் போறோமே" என்பார்கள். விட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால் மிச்சம் 1 அடி, 2 அடி என்று வரும் பக்கத்தில் விடக் கூடாது. மூலைக் கல்லை ஒட்டி 2 அடியில் இன்னொரு கல்லுக்குக் குழி பறித்தால் மூலைக் குழியின் மண் இளகிப்போகும், கம்பியின் இழுப்பு முழுவதையும் தாங்க வேண்டிய கல் அதுதான்.

தொண்ணூறோடு முடியவில்லை

கம்பியை முறுக்கி இழுக்கும்போது மூலைக் கல் உள்பக்கம் சாயும். அதைத் தடுக்கச் சாய்வாக ஊன்றும் முட்டுக்கல்லை விலை கேட்கும்போது பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. மூலைக்கு இரண்டு திசையிலிருந்தும் கம்பி இழுப்பதால் இரண்டு முட்டு, நான்கு மூலைக்கு எட்டு. கேட் கல்லுக்கு ஒரு பக்கம்தான் கம்பி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று இரண்டு. சரிவு தொடங்கும் இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு, மொத்தம் நான்கு. நேராக 150 அடிக்கு மேல் போகும் பக்கங்களில் நடுவில் ஒரு கல்லுக்கு இரு புறமும் முட்டுக் கொடுப்பது நல்லது. நம் நிலத்தில் தெற்கின் 156 அடியும் வடக்கின் 176 அடியும் அப்படிப்பட்டவை, அதற்கு நான்கு. ஆக 18 முட்டுக்கல்.

90-உம் 18-உம் 108. இறக்கும்போது உடையும் ஒன்றிரண்டுக்கும், அடிவாரத்தில் கட்டாயம் குறுக்கே வரும் பாறைக்கும் சேர்த்து 111 என்று சொல்லிவிடலாம். பாறை விஷயம் இதுதான். குறித்த இடத்தில் ஒரு அடி தோண்டியதும் கடப்பாரை டங்கென்று நின்றுவிட்டால், கல்லைச் சற்றுத் தள்ளித்தான் ஊன்ற வேண்டும். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு கட்டம் 10 அடியைத் தாண்டும், அதை இரண்டாக உடைக்க இன்னொரு கல் தேவைப்படும். 90 கல்லில் நான்கு மூலைக்கும் கேட்டுக்கும் ஆக ஆறு கல் கனமானதாக வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரிவு தொடங்கும் அந்த இரண்டு கல்லையும் தனியாகக் கவனிக்க வேண்டும். சமதரையிலிருந்து வரும் கம்பியும் மேலே ஏறும் கம்பியும் இரு பக்கமும் இழுக்கும்போது, பள்ளத்தில் நிற்கும் கல்லை மேலே பிடுங்கப் பார்க்கும். மற்ற கல்லுக்கு மண்ணும் ஜல்லியும் இடித்து நிரப்பினால் போதும் என்றாலும், இந்த இரண்டுக்கும் மூலைக்குப் போடும் மாதிரியே கான்கிரீட் போட்டுவிடுங்கள்.

எஸ்டேட்டில் ஓரமாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கல்லுக்குப் பதிலாக எண்ணிக் கல்லைக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. மரம் பருக்கும்போது கம்பியைப் பட்டைக்குள் விழுங்கிவிடும். பிறகு அந்தக் கம்பியை இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. மரம் எங்கே நின்றாலும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கம்பி எத்தனை அடி

கம்பியைக் கல்லோடு சேர்த்து ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இப்போது போடும் கணக்கு பணம் ஒதுக்கி வைக்க. கல்லெல்லாம் நின்ற பிறகு டேப்பை இன்னொரு முறை பிடித்து, அந்த அளவுக்குக் கம்பி வாங்குவதுதான் என் கட்சி.

நேர் வரிசையில் இருந்து தொடங்குவோம். சுற்று 883 அடி, கேட் 12 அடி போக 871. ஐந்து வரிசைக்கு 4,355 அடி. ஐந்து என்பது அடிக்கம்பி தரையிலிருந்து அரை அடியில், பிறகு அடிக்கு ஒன்று, மேல்கம்பி நாலரை அடியில் என்ற அமைப்பு.

குறுக்குக் கம்பியில்தான் பலருக்கும் கணக்கு இடிக்கிறது. கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவதால் "ஒரு ரோல் கூடப் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அடிக்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் உயரம் 4 அடி. கட்டத்தின் சராசரி அகலம் 871-ஐ 89-ஆல் வகுத்தால் 9.8 அடி. செங்கோண முக்கோணக் கணக்குதான், பள்ளிக்கூடத்தில் படித்தது:

```
√(9.8 × 9.8 + 4 × 4) = √112 ≈ 10.6 அடி
10.6 × 2 × 89 ≈ 1,887 அடி
```

நேர் வரிசை இரண்டுக்கு ஆகும் கம்பியைவிட இது அதிகம். சரிவில் இந்த இரண்டு குறுக்கும் சமமாக இருக்காது, ஒன்று நீளும், ஒன்று குறுகும். கூட்டினால் ஏறக்குறைய அதே அளவுதான் வரும் என்பதால் தனிக்கணக்கு வேண்டாம்.

குறுக்குக் கம்பியைக் கட்டத்துக்குக் கட்டம் வெட்டிக் கட்டக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். முதல் கல்லின் மேலிருந்து இரண்டாம் கல்லின் அடிக்கு, அங்கிருந்து மூன்றாம் கல்லின் மேலுக்கு என்று ஒரே கம்பியாக வளைந்து வளைந்து போக வேண்டும். அதற்கு எதிராக இன்னொன்று. வெட்டிக் கட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் ஒரு அடி சுற்றுக்குப் போய்விடும். 178 துண்டுக்கு 356 அடி, காசு கொடுத்து வாங்கிய கம்பி முடிச்சிலேயே முடிந்துவிடும்.

நேர் வரிசையும் குறுக்கும் சேர்ந்து 6,242 அடி. மூலையில் சுற்றிக் கட்ட, ரோல் முடியும் இடத்தில் ஒட்டுப் போட, இழுத்தபின் வெட்டியெறிய என்று 5 சதவீதம் சேர்த்தால் 6,554. நாம் 6,550 அடி என்று வைத்துக்கொள்வோம், கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். ஒரு ஏக்கர் நிலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் கம்பியா என்று முதல் தடவை கேட்பவருக்கு நம்பிக்கை வராது.

அடியைக் கிலோவாக்குவது

கடையில் முள்கம்பி எடைக்குத்தான் கிடைக்கும். 12-க்கு 12, 14-க்கு 14 என்று கேஜ் சொல்வார்கள். ஓடும் இழைக்கு ஒரு எண், முள்ளுக்கு ஒரு எண். எண் கூடினால் கம்பி மெலியும். ஒரு கிலோவுக்கு எத்தனை அடி வரும் என்று கேட்டால் கடைக்குக் கடை ஒரு பதில் வரும். முள் 3 அங்குலத்துக்கு ஒன்றா, 4 அங்குலத்துக்கு ஒன்றா என்பதைப் பொறுத்தே எடை மாறும் என்பதால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அதனால் நீங்களே நிறுத்துப் பாருங்கள். வாங்கப்போகும் ரோலிலிருந்து சரியாக 10 அடி வெட்டித் தரச் சொல்லுங்கள், அதற்குக் காசு கொடுத்துவிடலாம். சமையலறையில் கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் போதும். 320 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6,550 அடி என்பது 655 துண்டு, அதை 320 கிராமால் பெருக்கினால் 209.6 கிலோ. ஆக 210 கிலோ. அதை ரோலின் எடையால் வகுத்தால் எத்தனை ரோல் என்று வந்துவிடும். ரோல் எடை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி ரோலைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள்.

அந்த 10 அடித் துண்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 12 கேஜ் என்று சொன்னால் இழையின் கனம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்தக் கனத்தில் இரண்டு இழை மட்டுமே 10 அடிக்கு 235 கிராம் வரும், அதன் மேல் முள்ளின் எடை. 14 கேஜில் இழை சுமார் 2 மில்லிமீட்டர், இரண்டும் சேர்ந்து 150 கிராம்தான். ஆகவே 12 என்று சொன்ன துண்டு முள்ளோடு சேர்த்தே 220 கிராம் காட்டினால், கையில் இருப்பது 12 இல்லை. மெலிந்த கம்பி என்றால் கிலோவுக்கு நீளம் கூடும், வாங்கும்போது லாபம் மாதிரி தெரியும். மாடு ஒரு தடவை முட்டினால் அந்த லாபம் தெரிந்துவிடும். ஏற்காட்டில் காட்டெருமை வரும் தோட்டத்துக்கு எந்தக் கேஜ் முள்கம்பியும் தடையில்லை என்பது வேறு கதை.

கட்டுக்கம்பியை எளிதாக முடித்துவிடலாம். துளையில்லாத கல்லைச் சுற்றிக் கட்ட ஒரு கட்டுக்கு இரண்டரை அடி ஆகும். 90 கல்லுக்கு ஐந்து வரிசை, 450 கட்டு, 1,125 அடி. 18 கேஜில் இது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். குறுக்குக் கம்பிகள் சந்திக்கும் இடத்துக்கும் சேர்த்து 4 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க ஜி.ஐ. கம்பியாகக் கேளுங்கள்.

முதல் வரிசையில் ஒரு சோதனை

கணக்கு சரியா என்பதை வேலை முடியும்வரை காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முதல் வரிசை ஓடி முடிந்ததும் வேலையை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். 871 அடிக்கு, 10 அடி 320 கிராம் கணக்கில், 28 கிலோ ஆகியிருக்க வேண்டும். சுற்றுக்கும் ஒட்டுக்கும் சேர்த்தாலும் 29 கிலோவைத் தாண்டக் கூடாது. மீதி இருக்கும் ரோலை நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

32 கிலோ போயிருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. ரோலில் இருக்கும் கம்பி நீங்கள் நிறுத்த துண்டைவிடக் கனமாக இருக்கலாம். அப்படியானால் புதிதாக 10 அடி வெட்டி நிறுத்து, மீதி நான்கு வரிசைக்கும் குறுக்குக்கும் கிலோவைத் திருத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சுற்றிலும் ஒட்டிலும் கம்பி வீணாகியிருக்கிறது. கையோடு தொய்வையும் பார்த்துவிடுங்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் நின்று கம்பியைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் தொய்வுதான், அவிழ்த்து இழுத்துக் கட்டச் சொல்லலாம். 25 கிலோதான் ஆனது என்று சந்தோஷப்படவும் வேண்டாம். எங்காவது மெலிந்த ரோல் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ரோலின் முனையையும் முதல் துண்டோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். முதல் வரிசை என்றால் கழற்றிக்கொடுத்து மாற்றி வாங்கவும் முடியும்.